மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்ததும் நடுநெஞ்சில் எரிச்சல்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் வேலை. மழைத் தண்ணீரில் நின்று வேலை பார்த்ததில் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்சிசைக்ளின் கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று என ஏழு நாளைக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் நான்காம் நாள் காலை வேலை முடிந்து வந்து, கேப்சூலைப் போட்டுக்கொண்டு படுத்தவன், மதியம் நெஞ்சு நடுவில் தீயாக எரிகிறது என்று எழுந்துவிட்டான். எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறதாம். ஈசிஜி நார்மல், கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளாகியும் குறையவில்லை. ஜெல் மருந்தோடு சேர்த்துத்தான் இப்போது கேப்சூலைக் கொடுக்கிறோம். இது கேஸ்தானா? கேப்சூலை நிறுத்திவிடலாமா? அம்மாவும் எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறார். அதிலும் இப்படி ஆகுமா?

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவரை இது கேஸாகத் தெரியவில்லை. கேப்சூல் இரைப்பைக்குப் போய்ச் சேராமல் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் ஒட்டி நின்று, அங்கேயே கரைந்து, அந்த இடத்தைப் புண்ணாக்கியிருக்க வேண்டும். மாத்திரையால் வரும் உணவுக்குழாய் அழற்சி என்று இதைச் சொல்வோம். வடசென்னையில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு, மழைக்காலம் முடிந்து டாக்சிசைக்ளின் அதிகம் எழுதப்படும் வாரங்களில் இந்த வலியோடு வருபவர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அதற்கு முன் நெஞ்செரிச்சல் என்பதையே அறியாதவர்கள். வலி திடீரென்று தொடங்கியது, விழுங்கும்போது கூடுகிறது, அதற்குச் சில மணி நேரம் முன்னால் ஒரு கேப்சூல் உள்ளே போயிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு சோதனை செய்வதற்கு முன்பே முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனாலும் நெஞ்சுவலி என்று வந்துவிட்டால் இதயத்தை முதலில் ஒதுக்கியாக வேண்டும், வயது 27 என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. ஒருமுறை எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது நல்ல செய்திதான். ஆனால் மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் ஈசிஜி சரியாகவே இருந்துவிடுவதும் உண்டு. ஆகையால், நெஞ்சை அழுத்திப் பிடிப்பது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், படியேறினால் கூடி நின்றால் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இந்தப் பதிலை மேலே படித்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்துவிடுங்கள். உங்கள் தம்பிக்கு நடப்பதாலோ வேலை செய்வதாலோ வலி மாறவில்லை, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஒரே இடத்தில் சுரீரென்கிறது என்றால், அது உணவுக்குழாயைத்தான் காட்டுகிறது. அவரிடம் ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இப்படிப் புண் உள்ளவர்கள் பலர் நெஞ்செலும்பின் நடுவில் ஒரு புள்ளியைத் தயங்காமல் தொட்டுக் காட்டுவார்கள். இது உறுதியான சோதனை அல்ல, ஆனால் மருத்துவரிடம் சொல்வதற்குப் பயன்படும்.

ஒரு சின்ன கேப்சூல் எப்படி இவ்வளவு வலியைத் தரும் என்று கேட்பீர்கள். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். மேலிருந்து கீழாக அது அலையலையாகச் சுருங்கித்தான் உணவைத் தள்ளுகிறது. வெறுமனே புவியீர்ப்பினால் எதுவும் கீழே விழுந்துவிடுவதில்லை. மார்பின் மேற்பாதியில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைந்து திரும்பும் இடத்தில், அந்தக் குழாய் பக்கத்திலிருந்து சற்றே அழுத்தப்படுகிறது. அதே பகுதியில்தான் குழாயின் மேற்பகுதித் தசை முடிந்து, தன்போக்கில் இயங்கும் வேறு வகைத் தசை தொடங்குகிறது. அதனால் தள்ளும் அலையும் அங்கே வலுக்குறைந்திருக்கும். இடமும் குறுகல், தள்ளும் விசையும் குறைவு என்பதால், நிற்கிற மாத்திரைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிற்கின்றன. உங்கள் தம்பி காட்டும் இடமும் அநேகமாக அதுவாகவே இருக்கும்.

சாதாரண மாத்திரையைவிட ஜெலட்டின் கேப்சூல் இன்னும் தொல்லை தருவது. வறண்ட நிலையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும் அதன் மேலுறை, கொஞ்சம் ஈரம் பட்டதும் பசையாகி, குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அது நிறைய தண்ணீரோடு போனால் ஒட்டுவதற்குள் இரைப்பையை அடைந்துவிடும். ஒரு மடக்குத் தண்ணீரோடு போனால், அந்த ஈரம் ஒட்டவைக்க மட்டுமே போதுமானதாக இருக்கும். அப்படி ஒட்டிய கேப்சூல் உடைந்து, உள்ளே இருக்கும் டாக்சிசைக்ளின் தூள் சில சொட்டு எச்சிலில் கரையும்போது உண்டாகும் கரைசலின் பிஎச் அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் சாறு வந்த வேகத்தில் வழிந்து போய்விடுகிறது. இதுவோ ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அமிலத்தைத் தாங்கிக்கொள்ள இரைப்பைக்குத் தடித்த சளிப்படலம் உண்டு, உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு கிடையாது. ஆகவே இது மருந்து ஒத்துக்கொள்ளாமையும் அல்ல, ஒவ்வாமையும் அல்ல. தோலில் அமிலம் பட்டு வெந்துபோவதைப் போன்ற நேரடியான காயம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் "எனக்கு டாக்சிசைக்ளின் அலர்ஜி" என்று தவறாக எழுதிவைத்துக்கொண்டு, பிற்காலத்தில் அந்த மருந்து உயிர்காக்கத் தேவைப்படும்போது அதை மறுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று நாள் ஒன்றும் ஆகாதது நான்காம் நாள் ஏன் ஆனது என்பதற்கு, அந்தக் காலை எப்படிக் கழிந்தது என்று அவரிடம் நிதானமாகக் கேட்டாலே விடை தெரியும் என்று நினைக்கிறேன். இரவு முழுக்க வேலை பார்த்தவர், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், தண்ணீர் அதிகம் குடித்திருக்க மாட்டார், வாய் காய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேன் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுவதற்குச் சோம்பல்பட்டு, கேப்சூலை வாயில் போட்டு எச்சிலோடோ, மிச்சமிருந்த இரண்டு மடக்கு டீயோடோ விழுங்கிவிட்டு, அடுத்த நிமிடமே பாயில் சாய்ந்திருப்பார். படுத்துவிட்டால் புவியீர்ப்பின் சிறு உதவியும் போய்விடுகிறது. தூங்கிவிட்டால் எச்சில் ஊறுவது மிகவும் குறைகிறது, விழுங்குவதும் எப்போதோ ஒருமுறைதான். விழித்திருக்கும்போது நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டே இருக்கும் எச்சில்தான் ஒட்டிய மாத்திரையைத் தள்ளவும், கரைந்த மருந்தைக் கழுவவும் செய்கிறது. தூக்கத்தில் இரண்டும் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. அதனால்தான் இவர்களில் பலர் வலியால் தூக்கம் கலைந்து எழுகிறார்கள். பகலில் தூங்குகிறவருக்கு அந்த நேரம் மதியமாக அமைந்தது, அவ்வளவே.

இங்கே மருத்துவர்களாகிய நாங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. "இந்த மருந்தைப் படுக்கப்போகும் முன் போடாதீர்கள்" என்று சொல்வதாக எண்ணி, "ராத்திரி மாத்திரையைச் சீக்கிரமே சாப்பிட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். துறைமுகத்திலும் யார்டுகளிலும் அனல்மின் நிலையத்திலும் இரவு வேலை செய்பவர்கள் நிறைந்த பகுதியில், பலருக்குக் காலை மாத்திரைதான் படுக்கைக்கு முந்தைய மாத்திரை என்பது அந்தச் சொல்லில் விட்டுப்போகிறது.

மாத்திரை நின்றால் நமக்கே தெரியாதா என்ற கேள்வி எழும். பல நேரங்களில் தெரியாது. 1982இல் டென்மார்க் மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் தெரியும்படி செய்த மாத்திரைகளையும் கேப்சூல்களையும் ஆரோக்கியமான 121 பேருக்குக் கொடுத்து, அவை உள்ளே போவதைப் பார்த்தார்கள். நோய் ஏதும் இல்லாதவர்களிடமே மாத்திரைகள் வழியில் ஒட்டி நின்றன. உடல் நிலையும் குடித்த தண்ணீரின் அளவும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. நின்றபடி, குறைந்தது 100 மில்லி தண்ணீரோடு விழுங்கி, அதன்பின் குறைந்தது ஒன்றரை நிமிடமாவது நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன முடிவு. நூறு மில்லி என்பது வீட்டு டம்ளரில் ஏறத்தாழ பாதி. நம்மில் பலர் மாத்திரைக்குக் குடிக்கும் ஒரு மடக்கு, இருபது இருபத்தைந்து மில்லியைத் தாண்டாது. இதற்கு நேர்மாறாக, போன மாத்திரை எப்போதோ இரைப்பையில் கரைந்திருந்தும், உரசிய இடம் தொண்டையில் உறுத்திக்கொண்டே இருப்பதும் உண்டு. எனவே "நிற்கிற மாதிரி இருக்கிறது" என்பதையோ "நிற்கவில்லை" என்பதையோ வைத்து முடிவு செய்ய முடியாது. ஐயமாக இருந்தால் உட்கார்ந்தபடி இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு வாய் வாழைப்பழமோ இட்லியோ சாப்பிட்டுவிடுவதே நல்லது.

இனி, கேப்சூலை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அடுத்த கேப்சூலை இதே நிலையில் கொடுக்காதீர்கள். ஆனால் சிகிச்சையை நீங்களாக முடித்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். புண்ணான இடத்தின் மேலேயே இன்னொரு கேப்சூல் ஒட்டினால் காயம் ஆழமாகும், வீக்கத்தால் குறுகியிருக்கும் இடத்தில் அது மறுபடியும் நிற்பதற்கு வாய்ப்பும் அதிகம். அதே சமயம், எலிக்காய்ச்சல் என்ற ஐயத்தில் தொடங்கிய மருந்தைக் காய்ச்சல் விட்டுவிட்டது என்பதற்காகப் பாதியில் விடக் கூடாது. எனவே இன்றே அந்த மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், "கேப்சூல் நெஞ்சில் நின்று புண்ணாகியிருக்கலாம், விழுங்கினால் வலிக்கிறது" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எரிச்சல் என்று மட்டும் சொன்னால் மறுபடியும் கேஸ் ஊசிதான் கிடைக்கும். எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினுக்கு மாற்றாகத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அஸித்ரோமைசின் அவற்றில் ஒன்று, அது திரவமாகவும் கிடைக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவையும், எத்தனை நாள் மருந்து மிச்சமிருக்கிறது என்பதையும் பார்த்து, எதை, எத்தனை நாளைக்கு என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒன்றை இங்கே திருத்தியாக வேண்டும். ஜெல் மருந்தோடு சேர்த்துக் கேப்சூலைக் கொடுப்பதால் புண்ணுக்குப் பாதுகாப்பு எதுவும் பெரிதாகக் கிடைப்பதில்லை, மாறாக எலிக்காய்ச்சலுக்கான மருந்தின் பலன் குறைந்துபோகிறது. அந்த ஜெல்லில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டாக்சிசைக்ளினோடு பிணைந்து, குடல் அதை உறிஞ்ச முடியாதபடி செய்துவிடும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, பால் ஆகியவையும் கூடவோ குறையவோ இதையே செய்கின்றன. இந்தப் புண்ணுக்கு எழுதப்படும் சுக்ரால்ஃபேட் என்ற திரவ மருந்திலும் அலுமினியம் உண்டு. எனவே டாக்சிசைக்ளினையே தொடர்வது என்று மருத்துவர் முடிவு செய்தால், இவற்றுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட வேண்டும். முந்தைய இரண்டு நாளும் சேர்த்தே கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் மருந்து உண்மையில் உடலில் சேர்ந்தது என்று அவர் கணக்கிட அது தேவைப்படும்.

புண்ணுக்கான சிகிச்சை பெரிதாக ஒன்றும் இல்லை. காயப்படுத்திய மருந்தை நிறுத்திவிட்டால் உட்படலம் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். இரைப்பை அமிலம் மேலேறி வந்து புண்ணைத் தொடாமலிருக்க அமிலம் குறைக்கும் மருந்தைச் சில நாட்களுக்குத் தருவார்கள். புண்ணின்மேல் படிந்து காப்பதற்காகச் சுக்ரால்ஃபேட் தருவதும் உண்டு. உணவைப் பொறுத்தவரை, வலி குறையும்வரை ஆறிய கஞ்சி, மோர், இளநீர், நன்றாகக் குழைந்த தயிர்சாதம் போன்றவை போதும். காரக்குழம்பு, சூடான டீ, புளிப்பான பழச்சாறு, மது, புகை ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். முறுக்கைப் போன்ற கரகரப்பான தின்பண்டங்கள் புண்ணில் உரசும். நெஞ்சு வலிக்கிறதே என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அவையும் இதே புண்ணை உண்டாக்கக் கூடியவை. எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்துக்கும் கேடானவை. வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமாலைத் திரவமாகக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி தணியத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுமையாகப் போய்விடும். நாள்தோறும் கொஞ்சமாவது குறைகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அப்படிக் குறைந்துகொண்டு வந்தால் எண்டோஸ்கோபி தேவையில்லை என்பதே என் கருத்து. கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது குழாயை விட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. மருந்து மாற்றி ஒரு வாரமாகியும் குறையவில்லை, திட உணவு இறங்காமல் நிற்கிறது, அல்லது சர்க்கரை நோய், எச்ஐவி, ஸ்டீராய்டு மருந்து போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் பூஞ்சைத் தொற்றும் ஹெர்ப்பிஸ் தொற்றும் இதே வலியோடு வரும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை குடல் மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். மாத்திரைப் புண்ணாக இருந்தால், சுற்றிலும் நல்ல நிறத்தில் இருக்கும் உட்சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வட்டப் புண் தெரியும். சில சமயம் கேப்சூல் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டிருந்த அடையாளமாக, எதிரெதிரே இரண்டு புண்கள் இருக்கும். அமிலம் மேலேறுவதால் வரும் புண்ணோ குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையை ஒட்டி இருக்கும்.

இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வெளியே துப்ப வேண்டிய நிலை, நெஞ்சுவலியோடு புதிதாகக் காய்ச்சல், கழுத்துப் பகுதியில் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. புண் ஆழமாகி இரத்தக்குழாயைத் தொடுவதும், குழாயில் ஓட்டை விழுவதும் அரிதுதான். ஆனால் நடக்கக் கூடியவை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகவே போகும் என்பதால், அவர்கள் நிறத்தை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். பிசுபிசுப்பும் கடுமையான நாற்றமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரை போடும் முறையைப் பற்றி எழுதும்போது, நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நமக்கு நல்ல பழக்கமாகச் சொல்லித்தரப்பட்டது. ஆனால் கேப்சூல் விழுங்கும்போது அதுவே இடைஞ்சலாகிறது. கேப்சூலுக்குள் காற்றும் இருப்பதால் அது தண்ணீரில் மிதக்கும். தலையை அண்ணாந்தால் தண்ணீர் தொண்டைப் பக்கம் ஓடிவிட, கேப்சூல் மிதந்து முன்பல் பக்கமே நிற்கும். தண்ணீர் எல்லாம் போனபிறகு, கடைசியில் வறட்டுத்தனமாக அது மட்டும் இறங்கும். ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் நிறுத்தி, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தியபடி விழுங்குவது பலருக்கு எளிதாக இருந்தது. தலை தாழ்ந்திருக்கும்போது மிதக்கும் கேப்சூல் தானாகத் தொண்டைப் பக்கம் வந்துவிடுகிறது, தண்ணீரும் அதுவும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. இதற்கு டம்ளரை வாயில் வைத்துத்தான் குடிக்க வேண்டும். தனக்கென்று ஒரு டம்ளரை வைத்துக்கொண்டால் அதில் யாருக்கும் குறையில்லை.

அதற்கு முன்னால், மாத்திரையைப் பிரிப்பதற்கும் முன்பாகவே, இரண்டு மடக்குத் தண்ணீரால் வாயையும் தொண்டையையும் நனைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாத்திரைகளைக் கையில் அள்ளி ஒரே வாயில் போட்டுக்கொள்வதை விட்டு, ஒவ்வொன்றாக விழுங்க வேண்டும். விழுங்கிய பின் டம்ளரில் மிச்சமிருப்பதையும் குடித்து முடிக்க வேண்டும். மொத்தம் ஒரு முழு டம்ளர், அதாவது 200 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப் வாசலிலேயே ஸ்ட்ரிப்பைக் கிழித்து, மிச்சச் சில்லறை கைக்கு வருவதற்குள் மாத்திரையை வறட்டு விழுங்கு விழுங்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். தலைவலி மாத்திரைதானே என்று அவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் ஆஸ்பிரினும் மற்ற வலி மாத்திரைகளும் இப்படிப் புண்ணாக்கும் மருந்துகளின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. விழுங்க முடியவில்லை என்று எதையும் பொடித்துவிடவும் கூடாது. இரைப்பை தாண்டிக் கரைய வேண்டியவையும், மெதுவாக மருந்தை விட வேண்டியவையும் பொடித்தால் கெட்டுவிடும். இதய நோயாளிகளுக்குத் தரும் பொட்டாசியம் மாத்திரை அப்படிப்பட்டது. அந்த மாத்திரை இதயம் பெருத்த நோயாளிகளின் உணவுக்குழாயில் நின்று புண்ணாக்கியதைப் பற்றி 1970இல் வெளியான குறிப்புதான், மருத்துவ உலகை முதன்முதலில் இதன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

உங்கள் தம்பிக்கு, மிச்ச நாட்களுக்கோ பின்னொரு மழைக்காலத்துக்கோ டாக்சிசைக்ளினே மறுபடி வேண்டியிருந்தால், நேரத்தை அவருடைய ஷிஃப்டுக்கு ஏற்ப மாற்றிக்கொடுங்கள். மாலை வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு, யார்டிலேயே இரண்டு பிஸ்கட்டோ ஒரு பன்னோ தின்றுவிட்டு, பாட்டில் தண்ணீரோடு இன்னொன்று. பன்னிரண்டு மணி நேர இடைவெளியும் சரியாக வருகிறது. வீட்டுக்கு வந்து படுக்கும்போது கேப்சூல் போட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும், அதுவரை அவர் நடந்துகொண்டும் நின்றுகொண்டும்தான் இருப்பார். டாக்சிசைக்ளினுக்கு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை படுக்காமலிருக்கச் சொல்வது வழக்கம் என்பதால் இது தாராளமாகவே போதும். உணவோடு சாப்பிடுவதால் குமட்டலும் குறையும். டீயைக் கேப்சூலை விழுங்குவதற்குப் பயன்படுத்தாமல் சற்று நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

அம்மா வாரம் ஒருமுறை போடுவது அநேகமாக அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையாக இருக்கும். அட்டையில் பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவும் உணவுக்குழாயைப் புண்ணாக்கக் கூடியதுதான், ஆனால் அதன் விதிகள் டாக்சிசைக்ளினுக்கு நேர்மாறானவை என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதை உணவோடு சாப்பிட்டால் உடலில் ஏறவே ஏறாது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், காபி குடிப்பதற்கும் முன்னால், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். கேன் தண்ணீர் நல்லது. சுண்ணாம்பு படிகிற போர் தண்ணீரில் கால்சியம் அதிகம் என்பதால் அது வேண்டாம். அதன்பின் குறைந்தது அரை மணி நேரத்துக்குக் காபி, டிபன், கால்சியம் மாத்திரை, பிரஷர் மாத்திரை எதுவும் கூடாது. அரை மணி நேரம் ஆகி, முதல் உணவும் முடியும்வரை படுக்கவும் கூடாது. மாத்திரையைச் சப்பவோ கடிக்கவோ கூடாது. மேலே ஐயம் வந்தால் வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றேனே, அது இந்த மாத்திரைக்குப் பொருந்தாது, தண்ணீர் மட்டும்தான். முதுகுவலியால் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும், ஏற்கெனவே உணவு இறங்குவதில் சிக்கல் உள்ளவர்களும் இதைச் சாப்பிடவே கூடாது. எலும்புக்கு ஊசியாகத் தரும் மருந்துகள் இருக்கின்றன, அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். விழுங்கும்போது வலியோ, புதிதாக நெஞ்செரிச்சலோ அம்மாவுக்கு வந்தால், அடுத்த வார மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.